ஊசி இல்லாமல் சுரப்பு விடுமா? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், மாடு சுரப்பு விடுவதற்காகக் கறக்கும்போது போடும் பால் ஊசியைப் பற்றியவை. முப்பது வருடம் மிருகாஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் என்பதால், இந்த ஊசியால் பழகிப்போன மாடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த தடவைக்கு வைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தலைச்சன் ஜெர்சிக் கலப்பு. கன்று ஐந்தாம் நாள் செத்துப்போனது. அதிலிருந்து மாடு சுரப்பு விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தந்த பாட்டிலிலிருந்து காலையிலும் மதியமும் ஒரு மில்லி போடுகிறோம். இப்போது ஊசி இல்லாமல் ஒரு சொட்டு வருவதில்லை. நிறுத்த முடியுமா டாக்டர்? – வேலந்தாவளம்

முடியும் அம்மா. ஆனால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதுவரை சொசைட்டிக்குப் பால் குறையும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வழியில் மனம் தளர்ந்து மறுபடி ஊசியை எடுப்பவர்கள்தான் அதிகம்.

மடிக்குள் பால் இரண்டு இடத்தில் இருக்கிறது. காம்புக்கு மேலே உள்ள அறையில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மீதி முழுவதும் மேலே, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் தேங்கி நிற்கும். கன்று முட்டும்போதோ, வெந்நீரால் மடியைக் கழுவும்போதோ, மாட்டின் மூளையடியிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் மடிக்கு வந்து அந்தப் பைகளைப் பிழிந்து பாலைக் கீழே தள்ளுகிறது. ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிடும். மாடு பயந்தாலும் வலித்தாலும் அட்ரினலின் ஊறி இந்த வேலையைத் தடுத்துவிடும். 'மாடு பாலை ஒளித்து வைக்கிறது' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஊசியில் போவதும் இதே ஆக்சிடோசின்தான், ஆனால் மாடு தானாக விடும் அளவைப் போலப் பல மடங்கு. தினமும் இரண்டு வேளை அப்படி அடித்தால் மடி மந்தமாகிவிடுகிறது. அதன் பிறகு மாடு தானே விடும் சிறிய அளவுக்கு மடி அசைவதில்லை. இது மாட்டின் பிடிவாதம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவிலேயே இதே நிலையில் ஒரு மாடு இருந்தது. காலையில் ஊசியோடு 6 லிட்டர், ஊசி இல்லாவிட்டால் அரை லிட்டர் கூட இல்லை. முதலில் காரணத்தைத் தேடினேன். இடது பின்காம்பில் ஒரு வெடிப்பு. கறப்பவர் கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்துக் கறந்துகொண்டிருந்தார். அந்த முட்டி வெடிப்பின் மேல் ஒவ்வொரு இழுவைக்கும் உரசியிருக்கிறது. கன்று போன துக்கத்தோடு இந்த வலியும் சேர்ந்ததால்தான் மாடு அடக்கிக்கொண்டது. மடிநோய் இருக்கிறதா என்று நான்கு காம்பின் முதல் பீச்சலையும் கறுப்புத் தட்டில் பார்த்தேன். திரி திரியாக எதுவும் இல்லை.

அவர்கள் வைத்திருந்த லேபிள் இல்லாத பாட்டிலைத் தூக்கிப் போட்டோம். அதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அளவு தெரிந்த மருந்தை, மில்லிக்கு 5 யூனிட், நானே எடுத்துக்கொண்டு இரண்டு வேளையும் போனேன். முதல் மூன்று நாள் 2 மில்லி, அடுத்த மூன்று நாள் 1, அடுத்த மூன்று நாள் அரை. பத்தாம் நாள் ஒன்றும் இல்லை. முக்கியமான மாற்றம், ஊசியைத் தொடக்கத்தில் போடாமல் கடைசிக்குத் தள்ளியதுதான். முதலில் கழுவித் தடவிவிட்டு இரண்டு நிமிடம் பொறுப்போம். அதற்குள் சுரப்பு விட்டால் அன்றைய ஊசி கிடையாது.

ஆறாம் நாள் பால் 4 லிட்டருக்கு வந்தது. பத்தாம் நாள் மூன்றரை, மடியும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதினான்காம் நாள் நாலரை, இருபதாம் நாள் ஐந்தரை. அந்த ஈற்றில் 6 லிட்டரை அது மறுபடி தொடவில்லை. அடுத்த ஈற்றில் ஊசியே இல்லாமல் கறந்தது.

நீங்கள் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். எங்கே தொடங்கி எப்படிக் குறைப்பது என்பதை உங்கள் ஊர் டாக்டர் மாட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இடையில் மடி ஒரு நாள் முழுக்கக் கல்லாக இருந்தாலோ, சுட்டாலோ, பால் திரிந்து வந்தாலோ காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

ஊசி வேண்டாம், சரி. அப்புறம் என்னதான் செய்வது? வரிசையாகச் சொல்லுங்கள். – கோபாலபுரம்

மாட்டுக்கு எல்லாம் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அதே நேரம், அதே ஆள், அதே வாளிச் சத்தம். நம் பக்கத்தில் விடியற்காலை ஒரு கறவை, மதியம் இரண்டு மணி வாக்கில் ஒரு கறவை. சொசைட்டி நேரத்துக்காக மதியக் கறவையை ஒரு நாள் ஒன்றரைக்கும் மறுநாள் மூன்றுக்கும் மாற்றாதீர்கள்.

தவிடும் புண்ணாக்கும் கலந்த தீவனத்தைக் கறக்கும்போது மட்டும் வையுங்கள். பாத்திரம் தெரிந்ததுமே சில மாடுகளுக்குக் காம்பு விறைக்கத் தொடங்கிவிடும். நாயைக் கட்டுங்கள், ஈ மொய்த்தால் விரட்டுங்கள். கை பொறுக்கும் வெந்நீரில் துணியை நனைத்து மடியைத் துடைத்து, காம்புக்கு இரண்டு மூன்று பீச்சல் தனித் தட்டில் விட்டுப் பார்த்து, காய்ந்த துணியால் ஒற்றுங்கள். இதெல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் இருக்க வேண்டும். அவசரத்தில் பத்து நொடியில் தண்ணீரை அடித்துவிட்டு உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது.

சுரப்பு இறங்கியதைக் கையும் காதும் சொல்லும். காம்பின் சுருக்கம் மறைந்து உருண்டு நிற்கும், மடியின் தோல் இழுத்துப் பளபளக்கும், மாடு அசைபோட ஆரம்பிக்கும், வாளியில் விழும் பீச்சலின் சத்தம் தடித்துக் கேட்கும். அப்போது தொடங்கி ஏழு நிமிடத்துக்குள் முழுக்கையால் அழுத்திக் கறந்து முடித்துவிடுங்கள். நடுவில் எழுந்து போய் போன் பேசினால் அந்தச் சுரப்பு போனதுதான், இரண்டாவது முறை அதே போல வராது. முடிந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, பச்சைப்புல் போட்டு அரைமணி நேரம் படுக்கவிடாமல் நிறுத்துங்கள். காம்புத் துவாரம் மூட அவ்வளவு நேரம் வேண்டும்.

எருமைக்கு இன்னும் பொறுமை வேண்டும். கீழ் அறையில் தேங்கும் பால் மிகக் குறைவு என்பதால், தடவத் தொடங்கி இரண்டு மூன்று நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். காலிக் காம்பை இழுத்தால் அதற்கு வலிதான் மிஞ்சும்.

ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. சம்பந்தம் உண்டா? – எருத்தேம்பதி

உண்டு என்று சந்தேகப்படப் போதுமான காரணம் இருக்கிறது. ஆக்சிடோசின் மடியை மட்டுமல்ல, கருப்பையையும் சுருக்கும். பருவம் முடிந்த முதல் வாரத்தில் சினையைக் காக்கும் மஞ்சள் கட்டி அப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கும். அந்த நாட்களில் தொடர்ந்து இந்த ஊசி போனால் கட்டி சரியாக வளராமல், மாடு இருபத்தோரு நாளுக்கு முன்பே மறுபடி பருவத்துக்கு வரும். உங்கள் மாடு எத்தனை நாளில் திரும்புகிறது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்பினால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒழுக்கு தெளிவாக இல்லாமல் கலங்கி வந்தால் அது கருப்பைப் புண்ணாக இருக்கலாம், அதற்கு வேறு வைத்தியம். நிறைசினையில், கடைசி மாதங்களில் இந்த ஊசி போடுவது கன்றை வீச வைக்கும் ஆபத்து. ஒரே ஊசியைத் தொழுவம் முழுக்கச் சுற்றவிட்டால் கழுத்தில் சீழ்க்கட்டியும் ஒரு மாட்டின் நோய் இன்னொன்றுக்கும் வரும்.

இந்தப் பாலைக் குடித்தால் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவார்களாமே? – வடகரப்பதி

அதற்கு ஆதாரம் இல்லை. ஆக்சிடோசின் ஒரு சிறிய புரதத் துண்டு. வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப்போகும். பயத்தில் குழந்தைக்குப் பாலை நிறுத்தாதீர்கள். கெடுதல் மாட்டுக்கும் கன்றுக்கும்தான்.

ஊசி போட்டால் தினமும் அரை லிட்டர் கூடுகிறதே, அது லாபம்தானே? – கோவிந்தாபுரம்

ஊசி பாலைப் புதிதாக உண்டாக்குவதில்லை. சாதாரணமாகக் கறந்து முடித்த பிறகும் மடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு பால் தங்கும். கன்றை அவிழ்த்துவிட்டால் அது முட்டி முட்டிக் குடிப்பது அதைத்தான். உங்களுக்குக் கூடிய அரை லிட்டர் அங்கிருந்து வந்தது. ஊசி போட்ட மடியில் கன்று எவ்வளவு முட்டினாலும் வாயில் நுரைதான். ரோமம் பறட்டையாகி, வயிறு தொங்கி, மண்ணை நக்கத் தொடங்கும். அப்புறம் ஒரு கழிச்சல் வந்தால் தாங்காது. கன்று இல்லாமலே கறக்கலாம் என்று ஆகிவிட்டதால் ஆண் கன்றைக் கவனிக்காமல் விடுவதையும் இந்தத் தொழுவங்களில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தக் கன்றுகளை நினைத்தால் இன்றும் மனம் பொறுப்பதில்லை.

கன்றைப் பாலுக்குச் சாவியாக வைக்க வேண்டாம் என்றால் அதற்கு நேர்வழி உண்டு. அடுத்த ஈற்றில் பிறந்த அன்றே தனியாகக் கட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் 2 லிட்டர் சீம்பாலும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி அதே அளவும் கறந்து புகட்டுங்கள். பிறகு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர், இரண்டு வேளையாகப் பிரித்து ஒரு மாதம் கொடுங்கள். கன்றின் முட்டலை அறியாத மாடு உங்கள் கைக்கே சுரப்பு விடும். கலப்பின மாடுகள் இதற்கு எளிதில் பழகும். நாட்டு மாடும் எருமையும் பல நேரம் பழகுவதில்லை. அவற்றுக்குக் கன்றை ஊட்டவிட்டுக் கறப்பதே நல்லது.

சட்டத்தையும் கேட்டிருக்கிறீர்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பாலுக்காக மாட்டுக்குக் கெடுதல் செய்யும் ஊசி போடுவதைக் குற்றம் என்கிறது. 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டையும் அரசு எடுத்துக்கொள்ளும். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்தை விற்கவும் கூடாது.

பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்கப் போகிறேன். ஊசிக்குப் பழகிய மாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? – மீனாட்சிபுரம்

சந்தையில் ஒரு கறவையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விற்பவர் வீட்டுக்கே போய் அடுத்தடுத்து இரண்டு வேளை, மாட்டைக் கட்டியிருக்கும் இடத்துக்கு அவருக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். கழுத்திலும் பின்தொடையிலும் கையை வைத்து அழுத்தித் தடவுங்கள், பட்டாணி போலக் கட்டிகள் தட்டுப்பட்டால் கேளுங்கள். மடியைக் கழுவும்போது காம்பு தளர்ந்தே இருந்து, யாரோ ஒருவர் மாட்டின் மறுபக்கம் போய் வந்த பிறகு திடீரென்று விறைத்தால் புரிந்துகொள்ளலாம். பிறகு நீங்களே கழுவி, நீங்களே உட்கார்ந்து கறந்து பாருங்கள். புது ஆளுக்குக் கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஆனால் அரை லிட்டரோடு நின்றுவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.