அழகு: பிடித்தமும் தீர்ப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் பற்றிய உங்கள் குறிப்பில், "அழகு என்று சொல்பவர் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறார்" என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குக் காபி பிடிக்கும், என் மனைவிக்கு டீ. இதில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. கட்டடமும் பாட்டும் மட்டும் எப்படி வேறாகும்? அளந்து காட்ட முடிந்தாலாவது சரி, அதுவும் முடியாது என்கிறார்கள். நிரூபிக்க முடியாத ஒன்றை மற்றவர் ஏற்றாக வேண்டும் என்பது அதிகாரம் இல்லையா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

கான்ட்டும் ஏறக்குறைய உங்கள் காபியிலிருந்துதான் தொடங்குகிறார். 1790இல் வெளிவந்த அவருடைய மூன்றாவது விமர்சன நூலில் வருவது கேனரித் தீவுகளின் ஒயின். 'இந்த ஒயின் இனிமையானது' என்று சொல்பவரை 'உனக்கு இனிமையானது என்று சொல்' என யாராவது திருத்தினால், அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார். ஆனால் ஒரு கட்டடத்தைக் காட்டி 'இது எனக்கு அழகு' என்று சொன்னால் அது அபத்தமாக ஒலிக்கும் என்கிறார் கான்ட். உங்கள் மனைவி டீ குடிப்பதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் உருகிக் கேட்கும் பாட்டை அவர் பாதியில் நிறுத்தினால்? எதையோ தவறவிடுகிறாரே என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்தத் தவிப்பு டீ விஷயத்தில் ஏன் வருவதில்லை என்பதுதான் கேள்வி.

கான்ட்டின் பதில் இது. ஒரு பொருளால் எனக்கு லாபம் உண்டா, அது என் பசியைத் தீர்க்குமா, அதைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டுமா என்பதெல்லாம் விலகிய பிறகும் அதைப் பார்ப்பதிலேயே ஓர் இன்பம் மிஞ்சினால், அந்த இன்பத்துக்கு என் தனிப்பட்ட தேவைகள் காரணமாக இருக்க முடியாது. கற்பனையும் அறிவும் ஒன்றையொன்று தூண்டி விளையாடுவதிலிருந்து அது பிறக்கிறது. இந்த இரண்டும் எல்லா மனிதருக்கும் பொது. அதனால்தான் மற்றவரிடமும் அதை எதிர்பார்க்கிறேன். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று அவர் ஆருடம் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை அந்தத் தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது என்கிறார், அவ்வளவுதான்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் பாரிஸில் நடந்த ஒரு சண்டை. 1887 பிப்ரவரி 14 அன்று 'லெ தான்' என்ற நாளிதழில் ஈஃபில் கோபுரத்துக்கு எதிராக ஒரு கண்டனக் கடிதம் வெளிவந்தது. கையெழுத்திட்டவர்களில் எழுத்தாளர் மோப்பசான், இசையமைப்பாளர் கூனோ, பாரிஸ் ஓபரா அரங்கைக் கட்டிய சார்ல் கார்னியே ஆகியோர் உண்டு. பிரெஞ்சு ரசனையின் பெயரால் கண்டிக்கிறோம் என்று எழுதினார்கள். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பதோடு அவர்கள் நிற்கவில்லை, ஊரே தங்களோடு சேர்ந்து கண்டிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நீங்கள் அதிகாரம் என்று சொல்வது இதைத்தான்.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கோபுரம் பயனற்றது என்கிறார்கள். அது பயனைப் பற்றிய பேச்சு, அழகைத் தொடவே இல்லை. இயந்திரம் கட்டுகிறவரின் வணிகக் கற்பனை என்கிறார்கள். அது கட்டியவரின் தொழில்மேல் உள்ள வெறுப்பு. ஓர் அரண்மனை அழகா என்று கேட்டால், மக்களின் உழைப்பை வீணடித்த பெரிய மனிதர்களின் டம்பத்தைத் திட்டலாம், அது நியாயமாகவும் இருக்கலாம், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று கான்ட் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். மிஞ்சுவது ஒன்றுதான்: ராட்சதக் கரும் புகைபோக்கி மாதிரி எழும்பி நோத்ர்தாம் தேவாலயம் முதலிய கட்டடங்களையெல்லாம் அது சிறுமைப்படுத்திவிடும் என்ற பகுதி. உருவத்தையும் அளவையும் சூழலையும் பற்றிய இந்தப் பகுதி மட்டுமே அழகு பற்றிய தீர்ப்பு.

அதிலும் ஒரு பெரிய ஓட்டை. அப்போது கோபுரமே கிடையாது. அஸ்திவார வேலை தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வரைபடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். அழகு பற்றிய தீர்ப்பை யாரும் இன்னொருவர் சொல்லியோ விதியை வைத்தோ கடன் வாங்க முடியாது, பொருளைத் தானே நேரில் பார்த்தாக வேண்டும் என்பதில் கான்ட் கறாரானவர்.

கோபுரத்தைக் கட்டிய பொறியாளர் ஈஃபில் அதே நாளிதழில் கொடுத்த பதிலும் எனக்கு நிறைவு தரவில்லை, அது எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும். தான் முதலில் கணக்கில் கொண்டது காற்றின் எதிர்ப்பை என்றார். கணக்கீடு தந்த வடிவத்தில் எழும் நான்கு விளிம்புகளின் வளைவும் வலிமையையும் அழகையும் காட்டும் என்றார். காற்றுக்கு ஈடுகொடுக்கும் வளைவு என்பது உண்மை, கணக்குப் போட்டுக் காட்டலாம். அதனால் அது அழகு என்பது எந்தக் கணக்கிலும் வராது. அதே அளவு சரியாகக் கணக்கிட்டுக் கட்டிய எத்தனையோ பாலங்களை நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு நாடகம் எனக்குப் பிடிக்கவில்லை என்றால், விமர்சகர்களின் விதிகளையெல்லாம் அடுக்கினாலும் நான் காதைப் பொத்திக்கொள்வேன் என்று கான்ட் எழுதுகிறார். அழகை ஒரு பொருளின் குணமாக, எடையைப் போல எடுத்துக் காட்ட முடியாது என்பதற்கு இதுதான் காரணம். 'அவரவர் ருசி' என்ற பதில் மற்றவரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. 'இதோ நிரூபணம்' என்ற பதிலுக்கு மற்றவரின் கண்ணே தேவையில்லை.

கண்டனத்தில் கையெழுத்திட்டவர்களில் கவிஞர் சுல்லி ப்ருதோமும் ஒருவர், பிறகு 1901இல் இலக்கியத்துக்கான முதல் நோபல் பரிசு பெற்றவர். கோபுரம் எழுந்து நின்றபின் அவர் தன் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். கான்ட்டிடம் இதற்கு இணையான ஓர் இளம் கவிஞன் வருகிறான். அவன் கவிதை நன்றாக இல்லை என்று நண்பர்களும் ஊரும் சொன்னாலும் அவன் அசைவதில்லை. பின்னாளில் அவனுடைய ரசனை பயிற்சியால் கூர்மையடையும்போது, யாரும் சொல்லாமலே பழைய தீர்ப்பைக் கைவிடுகிறான். முன்பே ஊருக்குப் பயந்து மாற்றிக்கொண்டிருந்தால் அது அவனுடைய தீர்ப்பாகவே இருந்திருக்காது. அதேபோல, இன்று கோடிக்கணக்கானவர்கள் அந்தக் கோபுரத்தைப் பார்க்கப் போவதால் 1887இன் கண்டனம் தோற்றுவிட்டது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தலை எண்ணி அழகை முடிவு செய்ய முடியாது.

இப்போது அதிகாரம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானது. ரசனையின் பெயரால் அடுத்தவரை மட்டம் தட்டுவது நம் ஊர்ச் சபைகளிலும் தினமும் நடக்கிறது. ஆனால் கான்ட் இன்னொன்றும் சொல்கிறார்: தனிப்பட்ட ஆசைகளை முழுக்க விலக்கிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறேனா என்பதில் நான் ஏமாந்திருக்கலாம். கோரிக்கை எல்லோரையும் நோக்கியது, அதை வைப்பவர் தவறக்கூடியவர். கோபுரத்தைப் புகைபோக்கி என்ற கடிதத்தில் கார்னியே கையெழுத்திட்டபோது கல் கட்டடக் கலைஞரின் தொழில் பதற்றம் அதில் எவ்வளவு கலந்திருந்தது? அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். எனவே எதிரில் இருப்பவரிடம் நான் செய்யக்கூடியது, 'இந்த வளைவு எங்கே தொடங்கி எங்கே மெலிகிறது, பாருங்கள்' என்று சுட்டிக்காட்டுவது. அவர் பார்த்துவிட்டு 'இல்லை' என்றால், நான் எதைக் கலந்து பார்த்தேன் என்று தேட வேண்டிய முறை எனக்கும் வருகிறது.