முடிவாகாத விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும்

"அக்கா, கல்யாணமாகி இந்த வெளிநாட்டுக்கு வந்து ஏழு மாதம். தினமும் ராத்திரி அத்தை வீடியோ காலில் வருவாங்க. வீட்டில் நடப்பது எல்லாவற்றையும் கேட்பாங்க, நாங்கள் எடுக்க வேண்டிய முடிவை அவங்களே எடுத்துடுறாங்க. அவங்க கெட்டவங்க இல்லை. நேரில் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துடுது. யாரையும் குறை சொல்லாமல் கணவருக்கு மெசேஜாக எப்படி எழுதுவது?"

எழுதுங்கள் தங்கச்சி. பேசினால் அழுகை வருகிறவர்களுக்கு எழுத்துதான் நல்லது. நானும் அப்படித்தான். ஆனால் வந்த புதிதில் நான் எழுதிய முதல் மெசேஜ் தப்பாகப் போனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

"உங்க அம்மாவுக்கு நம்ம வீட்டு விஷயத்துல என்ன வேலை? ஒரு தடவையாவது எனக்காகப் பேசியிருக்கீங்களா?" அவர் வேலையில் இருந்த நேரத்தில் இதை அனுப்பிவிட்டேன். "சரி" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அதன்பின் ஐந்து நாள் வீட்டில் பேச்சே இல்லை. பிற்பாடு நிதானமாகப் படித்தபோதுதான் எனக்கே புரிந்தது. இரண்டு கேள்வி கேட்டிருக்கிறேன், இரண்டுக்கும் அவரால் பதில் சொல்ல முடியாது. "ஒரு தடவையாவது" என்றதும் எனக்காகப் பேசிய நாளைத்தான் அவர் மனம் தேடியிருக்கும். எனக்கு என்ன வேண்டும் என்பது அந்த மெசேஜில் எங்கேயும் இல்லை.

எனக்கு என்னதான் வேண்டும் என்று கண்டுபிடிக்கவே பல வாரம் ஆனது. அத்தை பேசுவதை நிறுத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. நாம் இருக்கும் தூரத்தில் மாமியார் நம் வீட்டுக்குள் வருவது போன் வழியாகத்தான். அந்தப் போன் கணவர் கையில் இருக்கிறது. தினமும் பேசுகிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கும்? வேலைக்குப் போனோம், வந்தோம், அவ்வளவுதான். அதனால் நாம் பாதி பேசி வைத்திருக்கும் விஷயம்தான் அன்றைய சேதியாகப் போய்விடுகிறது. மகன் சொன்னதும் அம்மா யோசனை சொல்கிறார், அதில் அதிசயம் இல்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளையின் வாழ்க்கையில் அவருக்கு மிச்சம் இருக்கிற பங்கு அந்த யோசனைதான். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. விஷயம் வெளியே போகிற நேரம்தான் சரியில்லை. அத்தையை மாற்றச் சொல்லிக் கேட்டால் கணவரால் முடியாது. எதை எப்போது சொல்வது என்பது அவர் கையில் இருக்கிறது. கேட்க வேண்டியது அது ஒன்றைத்தான்.

வீடு மாறுவதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் நான் இரண்டாவதாக எழுதியது இது:

"என்னங்க, நேத்து ராத்திரி அத்தை வீடு மாறுறதைப் பத்திக் கேட்டாங்க. நாம இன்னும் முடிவு பண்ணலையா, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன். நம்ம ரெண்டு பேர் பேச்சு முடியறதுக்குள்ளயே விஷயம் முடிஞ்சு போன மாதிரி இருந்துச்சு, மனசுக்குக் கஷ்டமாயிடுச்சு. அத்தை அக்கறையிலதான் கேக்கிறாங்க. நீங்க அவங்ககிட்ட மனசு விட்டுப் பேசறது எனக்குப் பிடிக்கும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாம முடிவு பண்ணாததை, முடிவான பிறகு சொல்லலாமா? எங்க வீட்லயும் நான் அப்படியே செய்யறேன். அத்தை கேட்டா, 'இன்னும் பேசிட்டு இருக்கோம்மா, முடிவானதும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்வோம்'னு சொன்னா போதும். உங்களுக்கு இதுல சங்கடம் இருந்தா சொல்லுங்க, உக்காந்து பேசலாம்."

இதை அப்படியே காப்பி செய்யாதீர்கள், உங்கள் வாய்ப்பேச்சில் எழுதுங்கள். சில இடங்களை மட்டும் கவனியுங்கள். "எப்பவும்", "தினமும்" என்று இல்லாமல் நேற்று நடந்த ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். "கேட்டாங்க" என்றுதான் இருக்கிறது, "குடைஞ்சாங்க" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு சொல்லுக்கே சண்டை வந்திருக்கும். "உங்க அம்மா" இல்லை, "அத்தை". அவங்க அக்கறையைச் சொன்ன வரிக்குப் பிறகு "ஆனா" இல்லை. "அத்தை நல்லவங்கதான், ஆனா" என்று எழுதினால் "ஆனா"வுக்கு முன்னால் இருப்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

"எங்க வீட்லயும்" என்பதைச் சும்மா சேர்க்கவில்லை. எழுதும்போதுதான் யோசித்தேன், என் அம்மாவுக்கும் எல்லாம் அன்றன்றே போய்க்கொண்டுதான் இருந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் அதை முதலில் நிறுத்திவிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த வரி பொய்யாகிவிடும்.

அம்மாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஏன் நானே எழுதிக் கொடுத்தேன் தெரியுமா? பெரும்பாலான பிள்ளைகளுக்கு மனம் இல்லாமல் இல்லை, அம்மாவிடம் அதைச் சொல்ல வார்த்தைதான் கிடைக்காது. வார்த்தை கிடைக்காதபோது "அவளுக்குப் பிடிக்கலைம்மா" என்று வந்துவிடும். காரியம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடுத்த காலில் அத்தை உங்களிடம் "நான் எதுவும் கேக்கலைம்மா, உனக்குப் பிடிக்காதே" என்றால், விஷயம் உங்கள் பெயரில் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது கோபப்படாமல் கணவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அவ" வேண்டாம், "நாங்க" என்று சொல்லுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை இருக்கிறது. இந்த மெசேஜ் தப்பித் தவறி அத்தை கண்ணில் பட்டால் அவர் மனம் நோகுமா? நோகும் என்றால் அந்த வரியை மாற்றுங்கள். அத்தையின் வீடியோ கால் முடிந்த கையோடு அனுப்பாதீர்கள், கணவர் வேலையில் இருக்கும்போதும் வேண்டாம். நான் ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் நடக்கப் போயிருந்தபோது அனுப்பினேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே "இவ்வளவுதானா? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சரி என்று சொன்ன பிறகும் முதல் வாரத்தில் இரண்டு தடவை அவருக்கு வாய் தவறியது. பழக்கம் அது. இரண்டு மூன்று வாரம் பொறுத்தேன். அப்போதும் மாறாவிட்டால் இன்னும் நீளமாக எழுதிப் பயனில்லை, உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் பாஸ்போர்ட்டை யாராவது வாங்கி வைத்திருக்கிறார்களா? உங்கள் சம்பளம் உங்கள் கைக்கு வருகிறதா? உங்கள் வீட்டாரோடு பேச விடுகிறார்களா? கணவரைப் பார்த்து உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் நான் மேலே எழுதியது உங்களுக்குப் பொருந்தாது. அது எல்லை வகுக்கிற பிரச்சினை அல்ல, அதற்கு மென்மையான மெசேஜ் மருந்தாகாது. நீங்கள் இருக்கும் ஊரில் பெண்களுக்கான உதவி எண்ணைத் தேடி, முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால் கடைசியாக ஒன்று. முடிவாகாத விஷயங்களை எடுத்துவிட்டால் தினசரிப் பேச்சில் ஒரு வெற்றிடம் விழும். அத்தைக்கு அது உடனே தெரியும். முதல் சில நாட்கள் எங்கள் காலில் மௌனம்தான் அதிகம். அதனால் வாரம் ஒருமுறை நானே தனியாக அழைக்க ஆரம்பித்தேன். ஜன்னலோரம் வைத்திருந்த செடியைக் காட்டினேன். கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி, "பூச்சி இருக்கு பாரு" என்றார். அன்றைக்கு நாற்பது நிமிடம் அந்தச் செடியைப் பற்றியே பேசினோம்.