கைமாற்றுக் கடன்: கேட்டதும் சொன்னதும்

அக்காவிடம் 60,000 கடன் கேட்கப் போகிறேன். எழுதியே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். என்னென்ன எழுத வேண்டும்?

தொகை, வாங்கிய தேதி, மாதத் தவணை, வட்டி உண்டா இல்லையா. இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது, தவணை தவறினால் என்ன செய்வது என்பதுதான்.

மாதம் 5,000 வீதம் 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் மாதம் கையில் காசில்லை. நீங்கள் கூச்சத்தில் அக்காவின் போனை எடுக்க மாட்டீர்கள். கேட்டால் தப்பாக நினைப்பானோ என்று அவரும் கேட்க மாட்டார். அந்த நேரத்தில் நீங்கள் புதுச் செருப்பு வாங்கினால்கூட அவர் கண்ணில் படும். அதனால் இதையும் சேருங்கள்: "கட்ட முடியாத மாதம் மூன்று நாள் முன்பே சொல்லிவிடுவேன். அந்தத் தவணை கடைசியில் சேரும். இரண்டு முறைக்கு மேல் போனால் உட்கார்ந்து புதிதாகப் பேசுவோம்."

இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து. ஒவ்வொரு முறை கட்டியதும் அதிலேயே தேதியும் மீதியும் எழுதுங்கள். நான்கு தவணை முடிந்தால் "மீதி 40,000". அப்புறம், அக்கா வீட்டுக்காரருக்கும் விஷயம் தெரியட்டும்.

எழுத்து என்று போனால், நம்பிக்கை இல்லையா என்று கேட்க மாட்டார்களா?

கொடுப்பவர் கேட்டால் உறுத்தும். வாங்குகிற நீங்களே தாளை நீட்டினால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

வாட்ஸ்அப்பில் பேசியதே போதுமே சார்?

பாதி சரி. தொகையும் தேதியும் எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்டிருந்தால் சின்னத் தொகைக்குப் போதும். "தந்துடறேன்டா, கவலைப்படாதே" என்பது கணக்கில் வராது.

நண்பன் என்னிடம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. எப்படித் திரும்ப வாங்குவது?

இங்கே வாங்குபவர் பக்கம்தான் பேசுகிறோம். வழக்கு யோசனை இருந்தால் வக்கீலைப் பாருங்கள், காலக்கெடு தாண்டுவதற்குள்.

சொந்தத்துக்குள் வட்டியா? அசிங்கமாக இல்லையா?

மாமா வைப்புநிதியை உடைத்துத் தருகிறார் என்றால் அவருக்கு வர வேண்டிய வட்டி போய்விடுகிறது. அதையாவது ஈடுகட்டலாமே.

அந்த நஷ்டத்தைக் கணக்குப் பார்க்கிறவர் என்ன மாமா?

அவர் பார்க்க வேண்டாம், நீங்கள் பாருங்கள்.

நடுவில் பேசுகிறேன். என் தம்பி வட்டியில்லாமல் கொடுத்தான். கடன் அடைந்த பிறகும் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிக் காட்டுகிறான். அதற்கு வட்டியே மலிவு!

உங்கள் தம்பி அப்படி என்றால் எல்லோரும் அப்படியா?

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருங்கள். வட்டி வேண்டாம் என்றால் "வட்டி இல்லை" என்று எழுதிவிடுங்கள், எனக்கு அது போதும்.

எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?

மேலே பதில் இருக்கிறது. ஏறிப் போய்ப் படியுங்கள்.

மனைவிக்குத் தெரியாமல் மாமனாரிடம் வாங்கலாமா?

கூடாது. அவர் வீட்டிலும் தெரிய வேண்டும், உங்கள் வீட்டிலும் தெரிய வேண்டும். அதிலும் அவர் மகளுக்கே தெரியாமலா?