பெரும்பான்மைக்கு 113 தேவை. 105 பேரால் ஆட்சி கவிழ்ந்தது எப்படி?

சட்டமன்றச் செய்திகளைப் பல ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியவன் நான். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத தொங்கு சட்டமன்றம் பற்றி வந்த கேள்விகளுக்குக் கர்நாடகத்தை வைத்தே பதில் சொல்கிறேன். 2018-லிருந்து அங்கே நடந்ததில் ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது.

தனிப்பெரும் கட்சியைத்தான் ஆளுநர் முதலில் அழைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதே?

இல்லை. முதல்வரை ஆளுநர் நியமிப்பார் என்பதோடு 164-ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. நீங்கள் நினைப்பது மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் சொன்ன வரிசை. அதில் தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணிக்குத்தான் முதலிடம். அடுத்துத்தான் தனிப்பெரும் கட்சி, அதுவும் மற்றவர்களின் ஆதரவோடு வந்தால். தேர்தலுக்குப் பின் சேர்ந்தவர்கள் அதற்கும் கீழே.

2018 மே 15 அன்று கர்நாடகத்தின் 224 தொகுதிகளில் 222-இன் முடிவு வந்தது. பாஜக 104, காங்கிரஸ் 78, மஜத எனப்படும் மதச்சார்பற்ற ஜனதா தளம் 37, மற்றவர்கள் மூவர். 104 பேர் இருந்தும் பாஜகவின் எடியூரப்பா வெளி ஆதரவு எதையும் காட்டவில்லை. காங்கிரசும் மஜதவும் தேர்தலில் எதிரெதிராக நின்றுவிட்டுப் பிறகு கைகோத்தவை. ஆளுநர் வஜுபாய் வாலா எடியூரப்பாவை அழைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் 40-ல் 17 இடம் பெற்ற காங்கிரஸ் வெளியே நிற்க, 13 இடம் பெற்ற பாஜக ஆட்சி அமைத்தது. அடுத்த ஆண்டே இரு கட்சிகளும் வாதங்களை மாற்றிக்கொண்டன. இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

எங்கள் அடுக்ககச் சங்கத் தேர்தலில் இரண்டு அணிக்கும் சம வாக்கு. நாங்களும் ஆளுநரைப் போல ஒருவரை வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் சங்க விதிகளைப் பாருங்கள் ஐயா. ஆளுநர் வேண்டாம், இருப்பவரை வைத்தே போதுமான வழக்குகள் நடக்கின்றன.

பெரும்பான்மையை நிரூபிக்க எடியூரப்பாவுக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்களே, அதில் என்ன தவறு?

அந்தப் பதினைந்து நாளில்தான் பேரம் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காங்கிரஸ், மஜத உறுப்பினர்களை ஹைதராபாத்துக்குக் கூட்டிப் போய் விடுதியில் தங்கவைத்ததும் அதனால்தான். உச்ச நீதிமன்றம் நள்ளிரவில் கூடி விசாரித்தது. பதவியேற்பைத் தடுக்கவில்லை. ஆனால் மே 19 மாலை 4 மணிக்கே வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றது. வாக்கெடுப்புக்கு முன்பே எடியூரப்பா விலகினார். பதினைந்து நாளும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

ஒரு சிறு திருத்தம். அன்று தற்காலிக சபாநாயகராக இருந்த போபையாவே பாஜக உறுப்பினர். சபாநாயகர் சமநிலை வந்தால்தான் வாக்களிக்க முடியும். ஆக பாஜகவின் வாக்கு 104 அல்ல, 103 தானே?

சரியாகப் பிடித்தீர்கள். எதிர்ப்பக்கத்தில் 78, 37, 3 சேர்ந்தால் 118. ஆனால் மஜதவின் குமாரசாமி இரண்டு தொகுதிகளில் வென்றவர், ஆள் ஒருவர்தான். எனவே 117. 103 பேர் 117 பேரை வெல்ல ஒருவர்கூட அணி மாற வேண்டியதில்லை, 15 பேர் அவைக்கு வராமல் இருந்தால் போதும். வந்து வாக்களிப்பவர்களில் யார் அதிகம் என்பதுதான் கணக்கு. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் என்பது இதற்கு விதி அல்ல.

இதே கணக்கு 2019 ஜூலை 23 அன்று பலித்தது. 224 பேர் கொண்ட அவையில் பாதிக்கு மேல் என்றால் 113. அன்று வாக்களித்தவர்கள் 204 பேர். அதில் 103 போதும். எடியூரப்பா விலகியபின் காங்கிரஸ் ஆதரவோடு முதல்வரான குமாரசாமிக்கு 99, எதிராக 105. ஆட்சி கவிழ்ந்தது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் எங்கே போயிற்று?

கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகும். அதனால் ஆளும் தரப்பில் 15 பேர் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போனார்கள். அவர்களை அவைக்கு வரக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொறடாவின் பல் அங்கேயே விழுந்துவிட்டது. பிறகு சபாநாயகர் ரமேஷ் குமார் 17 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டே, அவர்கள் மறுபடி போட்டியிடலாம் என்றது. டிசம்பரில் 15 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். பாஜக 12-ல் வென்றது. விலகிய பலர் அதே தொகுதியில் வேறு சின்னத்தில் திரும்பி வந்தார்கள். சட்டம் மீறப்படவில்லை, சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு அது இன்னும் எரிச்சல்தான்.

யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் மறுநாளே மறுதேர்தல் வைத்துவிடலாமே, எதற்கு இத்தனை இழுபறி?

2005-இல் பீகாரில் அப்படித்தான் செய்தார்கள். பிப்ரவரித் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மே மாதம், உறுப்பினர்கள் ஒருமுறைகூட அவையில் கூடாத நிலையில், சட்டமன்றத்தையே கலைத்தார்கள். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அடுத்த தேர்தல் நெருங்கிவிட்டதால் பழைய அவை திரும்பவில்லை.

தமிழ்நாட்டில் இதெல்லாம் நடந்ததே இல்லையே?

2006-இல் 234-ல் திமுகவுக்கு 96 தான். காங்கிரசின் 34 பேர் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். ஆட்சி ஐந்து ஆண்டும் நடந்தது. அது தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி. விடுதிகளுக்கு வேலை வரவில்லை.