ரிவ்யூ காலைத் தள்ளிவைத்தால் டெலிவரி தேதியும் தள்ளிப்போகுமா?

கேள்வி: கோவையில் சிறிய வெப் டிசைன் நிறுவனம் நடத்துகிறேன். சென்னை கிளையன்ட் ஒருவருக்கு 4 லட்சம் ரூபாய்க்கு ஆன்லைன் விற்பனைத் தளம் செய்து தருகிறோம். செப்டம்பர் 15 டெலிவரி, 18-ல் ரிவ்யூ கால். தாமதமானால் ஒவ்வொரு வாரத்துக்கும், வாரத்தின் பகுதிக்கும் 1% பிடித்தம். 'காலம் இன்றியமையாதது' என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் 25-ல் தர வேண்டிய பொருள் படங்களை அவர்கள் 31-ல்தான் தந்தார்கள். எங்கள் டெவலப்பர் ஒருவரும் வேலையை விட்டுவிட்டார். 26-ம் தேதிக்கு முன் முடியாது. 'எழுத்தில் எதுவும் கொடுக்காதே, ரிவ்யூ காலை மட்டும் தள்ளிவைக்கச் சொல்' என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியல்ல. நண்பர் சொல்கிறபடி செய்தால் கால் தள்ளிப்போகும். டெலிவரி தேதி 15-லேயே நிற்கும். 'சரி, 29-ம் தேதி பேசலாம்' என்று கிளையன்ட் பதில் போட்டாலும், அது பேசும் நாளுக்கான சம்மதம் மட்டுமே. பிடித்தம் 16-ம் தேதியிலிருந்தே ஓடும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 63-வது பிரிவின்படி, வாக்குறுதியைப் பெற்றவர், இங்கே உங்கள் கிளையன்ட், அதை நிறைவேற்றுவதற்கான காலத்தை நீட்டித்துத் தரலாம். ஆனால் அந்த நீட்டிப்புக்கு இரு தரப்பும் உடன்பட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1958-ல் கேசவ்லால் லல்லுபாய் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் அனுப்பும் மெயில் வெறும் கோரிக்கை. அவர்கள் 'ஒப்புக்கொள்கிறோம்' என்றால்தான் தேதி மாறும். அந்த உடன்பாட்டை வாய்மொழிச் சாட்சியத்தாலும், நடந்துகொண்ட விதத்தாலும்கூட நிரூபிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் ஒரு வரி மெயிலில் முடிகிற காரியத்துக்குச் சாட்சிக் கூண்டு வரை போவானேன்?

எழுதினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்பதுதான் நண்பரின் பயமாக இருக்க வேண்டும். 16-ம் தேதி காலை தளம் கையில் இல்லாதபோது அந்தத் தாமதம் தானே தெரிந்துவிடும். மறைக்க எதுவும் மிஞ்சாது. உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயத்தை எழுதாமல் விடுவதுதான் நஷ்டம். வேலை செய்யத் தேவையான வசதியை வாக்குறுதி பெற்றவரே தரத் தவறினால், அதனால் நேர்ந்த குறைக்கு நீங்கள் பொறுப்பல்ல என்கிறது 67-வது பிரிவு. படங்கள் 6 நாள் தாமதம். அதனால் வேலை நின்றது என்று உங்களால் காட்ட முடிந்தால், 11 நாளில் 6 நாள் அவர்கள் கணக்கு, 5 நாள் உங்கள் கணக்கு. 11 நாளுக்கு இரண்டு வாரப் பிடித்தம், அதாவது 8,000 ரூபாய்; 5 நாளுக்கு 4,000. அந்த 6 நாளும் வேறு பக்கங்களில் வேலை தடையின்றி நடந்திருந்தால் இந்த வாதம் நிற்காது. மொத்தப் பழியையும் படங்கள் மீது போடாதீர்கள். பொய்க் காரணம் சொல்லி வாங்கிய சம்மதத்தை அவர்கள் பின்னால் ரத்து செய்யவும் முடியும்.

மெயில் இப்படி இருக்கட்டும்:

"பொருள் படங்கள் ஆகஸ்ட் 25-க்குப் பதில் 31-ல் கிடைத்தன. எங்கள் குழுவில் ஒருவர் விலகியதால் மேலும் 5 நாள் தேவைப்படுகிறது. எனவே டெலிவரி தேதியைச் செப்டம்பர் 26-க்கும், ரிவ்யூ காலை 29-க்கும் மாற்றக் கோருகிறோம். முதல் 6 நாளுக்குப் பிடித்தம் பொருந்தாது என்பது எங்கள் நிலைப்பாடு. இரண்டு தேதிகளுக்கும் உங்கள் சம்மதத்தைப் பதில் மெயிலில் தெரிவியுங்கள்."

'உங்களுக்கு ஏற்படும் எல்லா நஷ்டத்துக்கும் பொறுப்பேற்கிறோம்' என்று மரியாதைக்காகக்கூட எழுத வேண்டாம். அனுப்பும் முன் ஒப்பந்தத்தில் அறிவிப்பு பற்றிய பத்தியைப் பாருங்கள். எந்த மெயில் முகவரிக்கு, எத்தனை நாள் முன்பு என்று அதில் இருந்தால் அப்படியே செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

'காலம் இன்றியமையாதது' என்ற வரியைப் பார்த்து, ஒப்பந்தமே ரத்தாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சொற்கள் மட்டுமே முடிவானவை அல்ல. தாமதத்துக்கு வாரக் கணக்கில் பிடித்தம் வைத்திருப்பதே தாமதத்துடன் வேலை தொடரலாம் என்பதற்கு அடையாளம் என்று 1979-ல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது. உங்கள் ஒப்பந்தமும் அந்த வகைதான். மற்ற ஷரத்துகளையும் சேர்த்துத்தான் முடிவு வரும். ஆனாலும் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது.

பதில் வந்ததும் நிதானமாகப் படியுங்கள். 'அவகாசம் தருகிறோம், பிடித்தம் செய்யும் உரிமை தொடரும்' என்றிருந்தால் தேதி மாறியது. பணப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. பதிலே வராவிட்டால் மௌனத்தைச் சம்மதமாக எண்ண வேண்டாம். போனில் பேசுங்கள். அன்றைக்கே, 'இன்று பேசியபடி டெலிவரி 26, ரிவ்யூ 29' என்று அதே மெயில் தொடரில் எழுதி அனுப்பிவிடுங்கள்.