ரைட்ஸும் பைபேக்கும்: சும்மா இருந்தால் யாருக்கு நட்டம்?

அண்ணே, ஏற்கெனவே ஷேர் வச்சிருக்கறவங்களுக்குப் புது ஷேர் தர்ற ரைட்ஸ்ல, நூறு ரூபாய் ஷேரை அம்பதுக்குத் தர்றாங்க. பாதி விலை, லாபம்தானே?

அந்தத் தள்ளுபடி உங்கள் பையிலிருந்துதான் வருகிறது, தம்பி. நாலு ஷேருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 400 ரூபாய், புதிதாகக் கட்டுவது 50. ஐந்து ஷேர் 450 என்றால் ஒன்று 90. அந்த உரிமை இல்லாமல் ஷேர் கைமாறத் தொடங்கும் எக்ஸ் தேதியன்று விலை அந்தப் பக்கம் இறங்கினால் யாரோ விற்றுத் தள்ளுகிறார்கள் என்று பதறாதீர்கள்.

சார், நான் பணமே கட்டலைன்னா? அதே நாலு ஷேர் இருக்கே, நட்டம் எப்படி?

எண்ணிக்கை வரைக்கும் சரி. ஆனால் 400 ரூபாய் 360 ஆகிவிட்டதே! அந்த 40 ரூபாய், புது ஷேர் வாங்க உங்கள் டீமேட் கணக்கில் வரும் உரிமையில், ஆர்.இ.யில், உட்கார்ந்திருக்கிறது. விற்றால் ஏறக்குறைய அது திரும்பும். கம்பெனியில் 1% வைத்திருந்தவருக்கு 0.8% ஆனது மட்டும் திரும்பாது.

எனக்கும் ஆர்.இ.ன்னு ஏதோ வந்தது. போனஸ்னு நினைச்சு விட்டுட்டேன். இப்ப காணோம்.

அது காலாவதியாகிவிட்டது, அம்மா. விண்ணப்பமும் இல்லை, விற்பனையும் இல்லை என்றால் முடிவு அதுதான். 2020-இல் ரிலையன்ஸ் 15-க்கு 1 என்று 1,257 ரூபாய்க்குக் கொடுத்தபோது விண்ணப்பக் கடைசி நாள் ஜூன் 3; ஆர்.இ. வர்த்தகமோ மே 29-லேயே முடிந்தது. இந்த இடைவெளியில்தான் பலர் மாட்டுகிறார்கள். அந்த வெளியீட்டில் முதலில் கால்பங்கு பணம்தான், மீதி 2021-இல். ஆர்.இ.யை வாங்கியவர்களும் அந்தத் தவணைகளைக் கட்ட வேண்டியிருந்தது.

டி.சி.எஸ். தன் ஷேரையே 4,150-க்குத் திரும்ப வாங்கி பைபேக் பண்ணினப்போ சந்தையில 3,500 பக்கம்தான் இருந்தது. ஏன் 4,150-க்கு ஏறலை?

நீங்கள் கொடுக்கும் அத்தனையையும் அவர்கள் வாங்குவதில்லையே. 2023-இல் வாங்கியது 4.09 கோடி ஷேர், மொத்தத்தில் 1.12% தான். மீதி 98 சொச்சத்துக்கு 4,150 யார் தருவது? சிறு முதலீட்டாளருக்கு, அதாவது யார் கையில் ஷேர் என்று கணக்கெடுக்கும் ரெக்கார்ட் தேதியில் 2 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வைத்திருப்பவருக்கு, 15% தனி ஒதுக்கீடு உண்டு என்பதால் அவருக்கு வாய்ப்பு கூடுதல்.

கொடுக்காம இருந்தா என் சதவீதம் ஏறுமே, அதுதானே புத்திசாலித்தனம்?

ஏறும், ஆனால் இலவசமாக இல்லை. 100 ரூபாயில் நூறு ஷேர், மொத்தம் 10,000; பத்தை 120-க்கு வாங்கினால் கம்பெனியிலிருந்து 1,200 போகிறது. மிச்சம் 8,800, தொண்ணூறு ஷேருக்கு 97.78 வீதம். அந்த அதிக விலையைக் கொடுத்தது விற்காதவர்தான். லாபம் குறைந்த ஷேர்களுக்குப் பிரிவதால் ஒரு ஷேருக்கான லாபம், அதாவது இ.பி.எஸ்., அழகாகத் தெரியும், அதைப் பார்த்து மயங்கியவன் நானும்தான். டி.சி.எஸ்.ஸில் பெரும்பங்கு வைத்திருக்கும் டாடா சன்ஸும் சேர்ந்து கொடுத்ததால் அவர்கள் சதவீதம் பெரிதாக மாறவில்லை. அந்த ரொக்கத்தைக் கம்பெனி தொழிலில் போட்டிருந்தால் இதைவிட நன்றாயிருந்திருக்குமா என்பதில் எனக்கும் என் பார்ட்னருக்கும் இன்றுவரை சண்டை.