டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் குழந்தைக்கான முயற்சியும்

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு வருடமாகச் சோர்வு. தாம்பத்திய ஆர்வமும் குறைந்துவிட்டது. ஒரு நாள் மாலையில் கொடுத்த ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் 280 என்று வந்தது. இணையத்தில் ஆறு மாத ஊசித் திட்டம் ஒன்றை விற்கிறார்கள். வீரியம் கூடும், விந்தணுவும் பெருகும் என்கிறார்கள். நானும் மனைவியும் குழந்தைக்கு முயன்று வருகிறோம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். விந்தணு பெருகும் என்று அவர்கள் சொல்வது உண்மைக்கு நேர் எதிரானது. குழந்தைக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் இப்படிச் சொல்லி விற்பது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. முதலாவது, விரைகளை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் செய்கிறது. இரண்டாவது, விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து சேர்ந்ததும், உடம்பில் அது போதுமான அளவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பிட்யூட்டரி இரண்டையும் நிறுத்திவிடுகிறது. விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதை விரை தானே சுரந்தால்தான் உண்டு. ஊசியால் அங்கே நிரப்ப முடியாது. அதனால் ரத்தப் பரிசோதனையில் எண் அழகாக ஏறும், விந்தணு எண்ணிக்கை மட்டும் சரியும். ஜெல் பூசினாலும் நடப்பது இதுதான்.

இந்த விளைவை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு முற்றிலும் இல்லாமல் போனது. சிலருக்கு நிற்கவில்லை, ஆகவே கருத்தடை என்று நம்பவும் முடியாது.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்தினால் பிட்யூட்டரி விழித்துக்கொள்ளவே சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதன் பிறகு ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள். இத்தகைய கருத்தடை ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆறு மாதத்திலும், பத்தில் ஒன்பது பேர் ஓராண்டிலும் இயல்பு நிலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை ஆனது. ஆய்வில் பங்கேற்ற எல்லோருமோ தொடக்கத்தில் நல்ல எண்ணிக்கை உள்ளவர்கள். ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கும், ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டவருக்கும் அந்த உறுதி கிடையாது. இதற்குள் உங்கள் மனைவிக்கும் வயது ஏறும்.

அந்த 280க்கும் அவ்வளவு மதிப்பு இல்லை. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள், வெவ்வேறு நாட்களில் இருமுறை எடுத்து, இரண்டுமே டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்று பல மருத்துவர்கள் கொள்கிறார்கள். உடல் பருமனும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இந்த எண்ணைக் குறைக்கும். சோர்வுக்கு ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு என்று வேறு காரணங்களும் உண்டு.

உண்மையான குறைபாடு என்றால் கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின், விந்துப் பரிசோதனை நான்கையும் கேளுங்கள். எல்.எச். உயர்ந்திருந்தால் கோளாறு விரையில். குறைந்தோ நடுத்தரமாகவோ இருந்தால் மேலிருந்து வரும் கட்டளை போதவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு பிட்யூட்டரியைத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரையோ எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியோ கொடுத்து விரைகளையே சுரக்க வைக்கலாம், விந்தணுவும் காப்பாற்றப்படும். இதை ஹார்மோன் நிபுணரோ ஆண்மைச் சிகிச்சை நிபுணரோதான் முடிவு செய்ய வேண்டும்.

குறைபாடு உறுதியாகி, குழந்தைக்கான திட்டமும் இல்லாதவருக்கு டெஸ்டோஸ்டிரோன் நல்ல மருந்துதான். தாம்பத்திய ஆர்வம் கூடுவது தெளிவாகத் தெரியும். எலும்பு அடர்த்தி கூடும், ரத்தசோகை குறையும். சோர்வு நீங்கும் என்பதை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம், அங்கே கிடைக்கும் பலன் சிறிது. சிவப்பணுக்கள் மிகுந்து ரத்தம் தடிக்கலாம். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தியோ குறைத்தோ ஆக வேண்டும். 5,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரல் ரத்தக்கட்டியும் சற்று அதிகம் தென்பட்டன. ஜெல் பூசுபவர்கள் அந்த இடம் குழந்தைகள் மீதும் மனைவி மீதும் படாமல் மூடிக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே ஓர் ஊசி போட்டிருந்தால் அடுத்ததைப் போடாமல் நிபுணரைப் பாருங்கள், மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். என்றாவது இந்தச் சிகிச்சை தவிர்க்க முடியாது என்றானால், முதல் ஊசிக்கு முன்பே விந்தணுவை உறைய வைத்துச் சேமித்துவிடுங்கள்.